நாய்க்கடிச் சுவரொட்டி: மூன்றாவது வரைவு ஏன் தேர்வானது

கேள்வி: ஐயா, நாய்க்கடி விழிப்புணர்வுச் சுவரொட்டிப் பயிற்சியில் என்னுடைய இரண்டாவது வரைவில்தான் எல்லாத் தகவலும் இருந்தது, பிழையும் இல்லை. முதல் வரைவின் ஓவியம் அருமையாக இருந்தது, நான்காவதில் புதுமை இருந்தது. ஒரு காலும் ஒரு குழாயும் மட்டுமே உள்ள மூன்றாவது வரைவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? மற்ற மூன்றிலும் என்ன குறை?

பதில்:

நான்கு வரைவுகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் நான்கு மீட்டர் தள்ளி நடந்து போகும் ஒருவர் இந்தச் சுவரொட்டியை இரண்டு மூன்று வினாடி பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். சில வாரங்கள் கழித்து அவருடைய பிள்ளையை நாய் கடித்துவிடுகிறது. அப்போது சுவரொட்டி அவர் முன்னால் இருக்காது. அவர் மனத்தில் எது தங்கியிருக்கிறதோ அதைத்தான் அவர் செய்வார். அவர் சரியானதைச் செய்யும்படி விட்டுச்சென்ற வரைவு மூன்றாவது மட்டுமே. ஓவியத் திறமை, தகவலின் முழுமை, புதுமை ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால், அவை இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வரும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதில் மருத்துவத்தில் குழப்பம் எதுவும் இல்லை. காயத்தை உடனே ஓடும் நீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன உறை ஒன்று இருக்கிறது. சோப்பு அந்த உறையைச் சிதைக்கிறது, ஓடும் நீர் மிச்சத்தை அடித்துச் செல்கிறது. இவ்வாறு காயத்தில் வைரஸின் அளவு குறைகிறது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே, எல்லாமே கடிக்கும் அறிகுறிக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நடந்தாக வேண்டும். இரண்டு செயல்கள், அவற்றுக்கு ஒரு வரிசை. ஒரு சுவரொட்டி தாங்கக்கூடிய செய்தி இது.

வரைவுகளை வராந்தாவில் ஒட்டிவைத்து, அவ்வழியே வந்த அலுவலக ஊழியர்களையும் உணவகத்தில் வேலை செய்வோரையும் நிறுத்தி, சிறிது நேரம் காட்டிப் பின் மறைத்து, "இது என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்டேன். "பிடித்திருக்கிறதா?" என்று நான் கேட்கவே இல்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் முதல் வரைவைத்தான் காட்டியிருப்பார்கள். அவர்கள் சொன்ன பதில்களை வைத்தே கீழே எழுதுகிறேன்.

முதல் வரைவிலிருந்து தொடங்குகிறேன். பல்லைக் காட்டி, கண் சிவந்து, வாயில் நுரை தள்ளும் நாயின் முகம் தாள் முழுவதையும் நிறைத்திருக்கிறது, மேலே "வெறிநாய்! எச்சரிக்கை!" என்ற தலைப்பு. வரைந்த கை தேர்ந்த கை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், பார்த்தவர்கள் சொன்ன பதில், "தெரு நாயிடம் எச்சரிக்கையாக இருக்கணும்" என்பதுதான். கடித்த பிறகு என்ன செய்வது என்பது அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்த ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறது. ரேபிஸ் தொற்றிய நாய், தனக்கு அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே தன் எச்சில் வழியாக நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். அதாவது, கடிக்கும் நாய் நன்றாக, அமைதியாக, வீட்டில் வளர்த்த குட்டியைப் போலவே இருக்கலாம். நுரை தள்ளும் முகத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டவர், "என்னைக் கடித்த நாய் அப்படி இல்லையே, வெறும் கீறல்தானே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். ஓவியம் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தவறான எண்ணமும் உறுதிப்படும். படம் பொய் சொல்லவில்லை என்றாலும், பார்ப்பவரைப் பொய்யான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

அச்சமூட்டும் சுவரொட்டிகள் பயன் தருவதில்லையா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். தருவதுண்டு. சுவிட்சர்லாந்தின் ஜோசப் முல்லர்-புரொக்மன் அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கத்துக்காக 1953-இல் செய்த "குழந்தையைக் காப்பாற்றுங்கள்" சுவரொட்டியைப் பாடத்தில் பார்த்தோம். தாளை நிறைக்கும் பெரிய மோட்டார் சைக்கிளும் அதன் முன்னால் மிகச் சிறிதாகத் தெரியும் ஒரு சிறுவனும் அதில் உண்டு. அங்கே பயம் வேலை செய்வதற்குக் காரணம், பார்ப்பவரே வண்டி ஓட்டுபவர் என்பதுதான். ஆபத்தை உண்டாக்குபவரும் அதைத் தடுக்கக்கூடியவரும் அவரே. படத்தைப் பார்த்த கணமே தான் செய்ய வேண்டியது அவருக்குத் தெரிந்துவிடும். நாய்க்கடிச் சுவரொட்டியைப் பார்ப்பவரோ கடிபடுபவர். நாயின் முகத்தைக் காட்டி அவரை அச்சுறுத்தினால், அந்த அச்சத்தை வைத்துக்கொண்டு அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பயத்தை எழுப்பினால், அது போய்ச் சேர வேண்டிய செயலையும் அதே படத்தில் காட்ட வேண்டும்.

இனி, உங்கள் வரைவு. நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். ஏனெனில், நான்கில் மிகுந்த உழைப்பும் அக்கறையும் உள்ள வரைவு உங்களுடையது. எழுதியவை அனைத்தும் மருத்துவப்படி சரியானவை. ஆனால், அவை பேருந்து நிலையச் சுவருக்கு உரியவை அல்ல.

முதலில் அளவைப் பார்ப்போம். பயிற்சிக் குறிப்பில் ஏ2 தாள், அதாவது 420 மி.மீ. அகலம், 594 மி.மீ. உயரம் என்றும், நான்கு மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டும் என்றும் கொடுத்திருந்தேன். பெயர்ப்பலகை எழுதுவோரிடையே நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு: எளிதாகக் கண்ணில் பட வேண்டுமானால் பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து. நான்கு மீட்டர் ஏறத்தாழப் பதின்மூன்று அடி. ஆகவே தலைப்பின் எழுத்து 33 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். தமிழில் இந்த உயரத்தை க, ப போன்ற எழுத்துகளின் உடலில் அளக்க வேண்டும். மேலே போகும் விசிறியையும் கீழே இறங்கும் உகரச் சுழியையும் சேர்த்து அளந்தால் ஏமாந்துவிடுவோம். கணினியில் நாம் தரும் புள்ளி அளவும் எழுத்தின் உயரம் அன்று, எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். 72 புள்ளி என்றால் 25.4 மி.மீ. கட்டம், அதில் ககரத்தின் உடல் பாதியளவுக்குத்தான் வரும், எழுத்துருவைப் பொறுத்துச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். உங்கள் தலைப்பு 60 புள்ளி. அச்சிட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தால் எழுத்தின் உடல் ஒரு சென்டிமீட்டர்தான். கீழே உள்ள ஏழு அறிவுரைகளும் 18 புள்ளி. அவற்றின் உடல் மூன்று மில்லிமீட்டர். அதைப் படிக்க வேண்டுமானால் சுவருக்குக் கைநீளத் தொலைவில் வந்து நிற்க வேண்டும். பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் அப்படி நிற்க மாட்டார்.

எழுத்தைப் பெரிதாக்கினால் தீருமா என்றால், தீராது. ஏழு அறிவுரைகளும் பெரிதானால் தாள் போதாது. சொற்களைக் குறைத்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சிறு சொற்களில் அடங்குவது நமக்கு விகுதிகள் சேர்ந்து ஒரே நீண்ட சொல்லாக வரும். "கழுவிக்கொண்டிருக்க வேண்டும்" என்பது ஏ2 தாளில் பெரிய எழுத்தில் ஒரு வரியில் அடங்காது. "கழுவுங்கள்" என்றால் அடங்கும். தமிழில் சுவரொட்டி எழுதுபவர் முதலில் வினைமுற்றுகளைத்தான் சுருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது சொல்லப்போவதை மிகவும் கவனித்துப் படியுங்கள். உங்கள் நான்காவது அறிவுரை இது: "காயத்தின் மீது மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் ஆகியவற்றை வைக்க வேண்டாம்." பக்கத்தில் மஞ்சள் கிண்ணத்தின் படம், அதன் மேல் மெல்லிய சிவப்புக் குறுக்குக்கோடு. வராந்தாவில் கேட்டபோது ஒருவர், "மஞ்சள் வைக்கச் சொல்லுது" என்றார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். தமிழ் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில் வருகிறது. நான்கு பொருள்களின் பெயரைப் படித்து முடித்து, வரி மாறி, அதன் பிறகுதான் "வேண்டாம்" வருகிறது. அரைகுறையாகப் பார்த்தவரின் கண், படமும் சேர்ந்திருப்பதால் பொருள்களை எடுத்துக்கொண்டு மறுப்பை விட்டுவிட்டது. மஞ்சள் வைப்பது வீட்டில் ஏற்கெனவே உள்ள பழக்கம் என்பதால், தெரிந்த ஒன்றைச் சுவரொட்டியும் உறுதிசெய்வதாகவே அவர் எடுத்துக்கொண்டார். பார்த்தவர்களில் ஒரே ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தாலும் அந்த வரியை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். தொலைவிலிருந்து பார்க்கும் தமிழ்ச் சுவரொட்டியில் "செய்யாதீர்கள்" என்பதை இயன்றவரை தவிர்த்து, அதன் இடத்தைப் பிடிக்கக்கூடிய "செய்யுங்கள்" ஒன்றைப் பெரிதாகச் சொல்ல வேண்டும். கை சோப்பை எடுத்துவிட்டால் மஞ்சளை எடுக்காது.

உங்கள் தடுப்பூசி அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 0, 3, 7, 28 ஆகிய நாட்கள் என்று போட்டிருக்கிறீர்கள். தோலுக்குள் போடும் முறைக்கு அது சரி. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து தவணை உண்டு. எந்த முறை என்பதை மருத்துவமனை முடிவு செய்யும், சீட்டில் தேதியையும் எழுதிக் கொடுக்கும். சுவரில் ஒன்றும் சீட்டில் வேறொன்றும் இருந்தால் குழப்பம் வரும். ஒரு தவணையைத் தேவையில்லை என்று விட்டுவிடவும் கூடும். தவிர, "0 ஆவது நாள்" என்பது மருத்துவர்களின் கணக்கு. முதல் ஊசி போடும் நாளைத்தான் அது குறிக்கிறது என்பது பேருந்து நிலையத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

நான்காவது வரைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "நா" என்ற எழுத்தின் காலை வாலாக வளைத்து நாயாக்கியிருக்கிறார். யோசனை அழகானது, வெற்றிடத்தைப் பயன்படுத்திய விதமும் நன்று. ஆனால், பார்த்தவர்களின் இரண்டு மூன்று வினாடியும் அது நாய் என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்துவிட்டது. ஒருவர் நாய்க் கண்காட்சி விளம்பரமா என்று கேட்டார். எழுத்தமைப்பில் இரண்டு பிழைகள் உண்டு. இவை உங்கள் எல்லாருக்கும் பொருந்தும். தலைப்பில் எழுத்துகளுக்கு இடையே அகலமாக இடைவெளி விட்டதால் "சோ" என்பதன் இரட்டைக் கொம்பும் சகரமும் காலும் தனித்தனியே பிரிந்து மூன்று எழுத்துகளாகத் தெரிகின்றன. வரிகளுக்கு இடையே போதிய இடம் விடாததால் மேல்வரியின் "ழு" இறங்கி, கீழ்வரியின் "ல்" மீதுள்ள புள்ளியில் மோதி, அந்தப் புள்ளியே மறைந்துவிட்டது. ஆங்கிலத் தலைப்புக்கு ஒட்டினாற்போல் வரியமைத்தால் கம்பீரமாக இருக்கும். தமிழில் மேலும் கீழும் உறுப்புகள் நீள்வதால் புள்ளி அளவில் ஒன்றேகால் மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைத்து, பின் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது வரைவுக்கு வருகிறேன். தாளின் மேல் இரண்டு பங்கில் ஒரு சிறுவனின் முழங்காலுக்குக் கீழான கால். கெண்டைக்காலில் இரண்டு சிறிய பற்குறிகள். மேலிருந்து தெருக்குழாய் நீர் கொட்டுகிறது. ஒரு பெரியவரின் கை சோப்பைத் தேய்க்கிறது. நாய் எங்கும் இல்லை. கீழே "நாய் கடித்ததா?" என்று சிறிதாகவும், "முதலில் சோப்பு" என்று மிகப் பெரிதாகவும், "15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்" என்று நடுத்தரமாகவும், அடியில் "அடுத்து, உடனே தடுப்பூசி" என்றும் எழுத்துகள்.

இதில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, காட்டுவதற்கு இதை வரைந்தவர் தேர்ந்துகொண்ட கணம். முதல் வரைவு கடிக்கு முந்திய கணத்தைக் காட்டியது. உங்களுடையது மருத்துவமனைக்குப் போன பிந்திய காலத்தை விவரித்தது. இவரோ, நாய் கடித்த பிறகு வரும் முதல் ஐந்து நிமிடங்களை எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், மஞ்சள் டப்பாவைத் திறப்பார்கள். சுவரொட்டி தலையிட வேண்டிய இடம் அதுவே. கால் சிறுவனுடையது, கை பெரியவருடையது என்பதும் யோசித்துச் செய்தது. பார்ப்பவர் பெரியவர், படத்தில் அவர் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கை செய்துகொண்டிருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் குழாய், சோப்பு, கடிபட்ட கால் என்ற மூன்றும் சேர்ந்து செய்தி போய்விடும். பற்குறிகளை இரத்தம் சொட்டாமல் சிறியதாக வரைந்ததால், "இவ்வளவு சிறிய கடிக்குமா கழுவ வேண்டும்?" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

தலைப்பில் "முதலில்" என்ற சொல்லைப் போட்டது இரண்டாவதாக எனக்குப் பிடித்தது. முதலில் என்று சொன்னாலே அடுத்து ஒன்று உண்டு என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. வரிசையைக் காட்ட எண்களோ அம்புக்குறிகளோ தேவைப்படவில்லை. எழுத்தின் உடல் 35 மி.மீ., ஏறத்தாழ 200 புள்ளி. இரண்டு சொற்களாக இருப்பதால்தான் அவ்வளவு பெரிதாகப் போட இடம் கிடைத்தது.

மூன்றாவது, வண்ணம். இரண்டே மை என்ற வரம்பை மற்றவர்கள் தடையாகக் கண்டார்கள்; முதல் வரைவின் ஓவியம் இரண்டு மையாகப் பிரிக்கப்பட்டதும் சேறாகிவிட்டது. மூன்றாவதில் அடர்நீலமும் ஆரஞ்சும் மட்டுமே. நீரும் எழுத்தும் நீலம், தோல் ஆரஞ்சு, சோப்பு நுரை மை படாத வெறும் தாள். தாளிலேயே வெளிச்சமான இடம் நுரைதான் என்பதால் கண் முதலில் அங்கே போகிறது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பார்த்தேன். அப்போதும் நுரை பளிச்சென்றே தெரிந்தது. வண்ணத்தை நம்பாமல் ஒளி வேறுபாட்டை நம்பிச் செய்த வரைவு என்பதற்கு அதுவே சான்று. வெயிலில் சாயம் வெளுத்த பிறகும் இது படிக்கும்படி இருக்கும்.

இந்த வரைவிலும் குறைகள் உண்டு. அவற்றைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். பார்த்தவர்களில் சிலர் "கழுவணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஊசி அவர்கள் நினைவில் இல்லை. இது சிறிய குறை அன்று. கழுவிவிட்டால் போதும் என்று ஒருவர் நினைத்தால் உயிருக்கே ஆபத்து. கடைசி வரி தலைப்பில் ஆறில் ஒரு பங்கு உயரமே இருந்ததும், அது படத்தோடு தொடர்பில்லாமல் அடியில் கிடந்ததுமே காரணம். அதைத் தலைப்பின் பாதியளவுக்குப் பெரிதாக்கி, ஒரு மேற்கையில் ஊசி போடும் சிறிய படத்தை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேற்கையைக் காட்டச் சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தடுப்பூசி வழக்கொழிந்துவிட்டது என்பதை விளக்கி எழுத இடமில்லை. கையில் போடுவதாகக் காட்டிவிட்டால் போதும்.

மற்றொரு குறை அச்சு சார்ந்தது. அந்தக் கடைசி வரி, நீலமும் ஆரஞ்சும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் பட்டையில் வெள்ளை எழுத்தாக விடப்பட்டிருந்தது. இரண்டு மைகளும் அச்சில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் ஒரு நிறம் கசிந்து, முதலில் மெய்ப்புள்ளிகளை அடைத்துவிடும். வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் ஒரே மையின் மீது விட வேண்டும். நீலப் பட்டை மட்டும் போதும்.

உங்கள் வரைவைத் தூக்கிப் போட வேண்டாம். அது இருக்க வேண்டிய இடம் புறநோயாளிகள் ஊசிக்காகக் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிர்ச் சுவர். அங்கே வாசகர் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கிறார், அரைமணி நேரம் அவர் கையில் இருக்கிறது. அறிவுரைகளை ஏழிலிருந்து நான்காகக் குறைத்து, எழுத்தின் உடல் 12 மி.மீ. வருமாறு பெரிதாக்குங்கள். அட்டவணையை எடுத்துவிட்டு, "சீட்டில் எழுதிய தேதிகளில் தவறாமல் வாருங்கள், ஒரு தவணையையும் விடாதீர்கள்" என்று எழுதுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு பற்றிய வரியை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால், "காயத்தின் மீது எதையும் வைக்காதீர்கள்" என்று மறுப்பையும் சேர்த்து முதல் வரியிலேயே முடித்துவிட்டு, பொருள்களின் பெயர்களைச் சிறிய எழுத்தில் அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். கிண்ணத்தின் படம் வேண்டாம். திருத்தியதை உண்மை அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து நீங்களே ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு கொண்டுவாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்த வரைவைக் கொண்டுவர வேண்டாம்.